வரவில்லையா, இன்னும் தெரியவில்லையா? பள்ளி வருகைப் பதிவும் விட்டுவிட்டு வரும் இணையமும்

காலை ஒன்பதே முக்காலுக்கு ஒரு அம்மாவின் கைப்பேசிக்கு "உங்கள் மகன் இன்று பள்ளிக்கு வரவில்லை" என்று எஸ்எம்எஸ் வருகிறது. பதறிப்போய்ப் பள்ளிக்குப் போன் செய்தால் பையன் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான். எட்டு ஐம்பதுக்கே விரல் வைத்துவிட்டான். இயந்திரமும் பெயரைக் காட்டிப் பச்சை விளக்கு எரியவிட்டது. அந்த ஒரு வரி மட்டும் பள்ளியை விட்டு வெளியே போகவில்லை. இயந்திரம் மாட்டியவரைக் கேட்டால் "நெட் பிரச்சினை சார்" என்பார். அதில் பாதிதான் உண்மை. பதிவு தாமதமானதற்கு நெட் காரணம். தாமதமானதை "வரவில்லை" என்று முடிவு கட்டியது சர்வர்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பல பள்ளிகளில் பயோமெட்ரிக் திட்டம் ஆறே மாதத்தில் கைவிடப்படுகிறது. நெட்டைச் சரிசெய்ய நம்மால் முடியாமல் போகலாம். சர்வர் எதை நம்ப வேண்டும் என்பதைச் சரிசெய்வது நம் கையில் இருக்கிறது.

முதலில் எந்த வகை இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மத்திய அரசு அலுவலகங்களில் 2014இல் தொடங்கி, 2019இல் தமிழக அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் வந்த ஆதார் வழி வருகைப் பதிவு வேறு வகை. அங்கே விரல் ரேகை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே தொலைவில் உள்ள ஆதார் சர்வர்தான். நெட் இல்லையென்றால் பதிவே விழாது. தனியார் பள்ளிகள் வாங்கும் சுவர் இயந்திரங்கள் அப்படியல்ல. ரேகை, முகம், அட்டை எதுவாக இருந்தாலும் ஒப்பிடுவதும் பதிவதும் இயந்திரத்துக்குள்ளேயே நடந்துவிடும். நெட் தேவைப்படுவது, பதிந்ததை மேலே அனுப்ப மட்டும்தான். ஆகவே நெட் போனாலும் தகவல் தொலைவதில்லை, தங்கி நிற்கிறது. இனி சொல்வதெல்லாம் இந்த வகைக்குத்தான்.

எவ்வளவு தங்கும் என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு பதிவு என்பது எண், தேதி, நேரம், கூடவே சில குறியெண்கள் கொண்ட ஒற்றை வரி. சுமார் 40 எழுத்து. 1,100 மாணவர்கள் காலையும் மாலையும் விரல் வைத்தால் நாளுக்கு 2,200 வரிகள், ஏறக்குறைய 90 கேபி. வாட்ஸ்அப்பில் போகும் ஒரு போட்டோ இதைவிடப் பெரிது. இயந்திரங்களில் பொதுவாக ஒரு லட்சம் பதிவுகள் வரை கொள்ளும். மொத்தப் பள்ளியும் ஒரே இயந்திரத்தில் வைத்தாலும் ஒன்றரை மாதம் தாங்கும். ஆக, பள்ளிக்கு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டால் சரியாகிவிடும் என்று நிர்வாகத்திடம் சொல்பவர்கள் பிரச்சினையைப் பார்க்கவே இல்லை. வேகம் இங்கே பொருட்டே அல்ல. தொடர்பு எப்போது அறுந்தது, அறுந்தபோது யார் எதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் பொருட்டு.

அடுத்தது, யார் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி. பழைய முறையில், ஒரு கணினியில் ஓடும் மென்பொருள் ZKTeco வகை இயந்திரத்தின் 4370ஆம் போர்ட்டில் இணைந்து பதிவுகளை இழுத்துக்கொள்ளும். ஒரே கட்டடத்துக்குள் இது நன்றாக ஓடும். ஆனால் பள்ளி ரூட்டரில் இருப்பது 4ஜி சிம் என்றால், பல நூறு சந்தாதாரர்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். வெளியிலிருந்து மைய சர்வர் அந்த இயந்திரத்தைத் தேடிப்போய்க் கூப்பிட வழி கிடையாது. அதனால் இயந்திரமே சர்வரைக் கூப்பிடும் புஷ் முறைதான் ஒத்துவரும். இயந்திரத்தின் மெனுவில் கிளவுட் சர்வர் அமைப்பு அல்லது ஏடிஎம்எஸ் என்று இருப்பது இதுதான். அங்கே சர்வர் முகவரியும் போர்ட்டும் கொடுத்துவிட்டால், சில நொடிகளுக்கு ஒருமுறை இயந்திரம் "ஏதாவது வேலை உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். புதிய பதிவு விழுந்தால் இப்படி அனுப்பும்:

```
POST /iclock/cdata?SN=ABC1234567&table=ATTLOG&Stamp=9999

1047	2025-06-16 08:52:13	0	1	0
1312	2025-06-16 08:52:19	0	1	0
```

SN என்பது இயந்திரத்தின் வரிசை எண். வரியில் முதலில் மாணவரின் எண், பிறகு இயந்திரத்தின் கடிகாரப்படி நேரம். அது எந்த நேர மண்டலம் என்ற குறிப்பு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பின்னால் அது தொல்லை கொடுக்கும். சர்வர் பதிலுக்கு `OK` என்று அனுப்பினால், இயந்திரம் அந்த வரிகளை அனுப்பியாயிற்று என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும்.

பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை மாதிரிதான் அந்த `OK`. அட்டை திரும்பி வரவில்லை என்பதால் கடிதம் போய்ச் சேரவில்லை என்று ஆகாது. தொடர்பு இரண்டு இடங்களில் அறுந்துபோகலாம். வரிகள் சர்வரை எட்டும் முன்பே அறுந்தால் இயந்திரம் மறுபடி அனுப்பும், யாருக்கும் நஷ்டமில்லை. சர்வர் எழுதி முடித்து `OK` சொல்லி, அந்த `OK` வழியில் தொலைந்தாலும் இயந்திரம் மறுபடி அனுப்பும். இப்போது ஒரே பதிவு இரண்டு முறை வரும். இயந்திரத்தின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆகவே இரட்டைப் பதிவு வருவது இந்த முறையின் இயல்பு. அதைத் தடுக்க இயந்திரத்தின் அமைப்பில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சர்வரில் ஒரே வரி எத்தனை முறை வந்தாலும் ஒரு முறை மட்டும் தங்கும்படி செய்தால் போதும்:

```sql
CREATE TABLE punch (
  sn     text,
  pin    text,
  at_raw timestamp,
  at_fix timestamp,
  got_at timestamptz DEFAULT now(),
  PRIMARY KEY (sn, pin, at_raw)
);

INSERT INTO punch (sn, pin, at_raw)
VALUES ('ABC1234567', '1047', '2025-06-16 08:52:13')
ON CONFLICT DO NOTHING;
```

இயந்திரம், மாணவர் எண், நொடி வரை நேரம். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு பதிவின் அடையாளம். ஐந்து நிமிடத்துக்குள் வந்த இரண்டாவது பதிவை இங்கேயே தள்ளிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரே பையன் இரண்டு முறை விரல் வைத்ததும், ஒரே வரி இரண்டு முறை வந்ததும் வேறு வேறு விஷயங்கள். முன்னதை வருகைக் கணக்குப் போடும்போது பார்த்துக்கொள்ளலாம். வந்ததை வந்தபடி வைத்திருப்பதுதான் இந்த அட்டவணையின் வேலை.

இந்த அமைப்பு ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. சந்தேகம் வந்தபோதெல்லாம் "எல்லாவற்றையும் மறுபடி அனுப்பு" என்று பயமில்லாமல் கேட்கலாம். நாற்பதாயிரம் வரிகள் வந்தாலும் விட்டுப்போன சிலது மட்டும் புதிதாக ஏறும், மற்றவை ஓசையில்லாமல் ஒதுங்கிவிடும்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்று உண்டு. அதுதான் உண்மையிலேயே பதிவைத் தொலைக்கும். சில சர்வர் நிரல்கள் வரிகளைப் பெற்றவுடன் `OK` சொல்லிவிட்டு, பிறகு சாவகாசமாகத் தரவுத்தளத்தில் எழுதும். இடையில் சர்வர் விழுந்தால் அந்த வரிகள் இயந்திரத்தின் பார்வையில் போய்ச் சேர்ந்தவை, சர்வரின் பார்வையில் வராதவை. இருவரும் திரும்பக் கேட்கமாட்டார்கள். எழுதி உறுதியான பிறகுதான் `OK`. அதே சமயம் `OK` சொல்வதற்கு முன் எஸ்எம்எஸ் அனுப்புவது, வருகைக் கணக்குப் போடுவது போன்ற வேலைகளைச் செருகினாலும் ஆபத்துதான். பதில் தாமதமானால் இயந்திரம் காத்திருந்து அலுத்து, அதே கட்டை மறுபடி அனுப்பும். அதுவும் தாமதமாகும். திங்கள் காலையில் முப்பது பள்ளிகள் ஒரே நேரத்தில் இப்படிச் செய்தால் சர்வர் தன் வாலைத் தானே விழுங்கும்.

புஷ் வசதி இல்லாத பழைய இயந்திரங்கள் உள்ள பள்ளிகளில் ஒரு சின்னக் கணினியை வைத்து, 4370 வழியாக இழுத்து, அதிலிருந்து மைய சர்வருக்கு அனுப்புவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அனுப்பும் ஸ்கிரிப்டை எழுதுபவர்கள் பெரும்பாலும் பதில் 200 என்று வந்தால் வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். சிம்மில் டேட்டா தீர்ந்துபோனால், பூட்டு இல்லாத எச்டிடிபி கோரிக்கையைத் தொலைபேசி நிறுவனமே வழிமறித்து "ரீசார்ஜ் செய்யவும்" பக்கத்துக்குத் திருப்பிவிடுவது உண்டு. அந்தப் பக்கமும் 200 என்றுதான் திறக்கும். ஸ்கிரிப்ட் மகிழ்ச்சியாக வரிகளை "அனுப்பியாயிற்று" என்று குறித்து அடுத்ததற்குப் போய்விடும். சரியாக மாதம் ஒருமுறை, இரண்டு மூன்று நாள் பதிவுகள் மாயமாவதைக் கண்டால் முதலில் ரீசார்ஜ் தேதியைப் பாருங்கள். பதிலின் உள்ளே சர்வர் எழுதிய எண்ணிக்கை இருக்க வேண்டும், அனுப்பிய எண்ணிக்கையோடு அது ஒத்துப்போக வேண்டும். அதுவரை எதையும் அனுப்பியதாகக் குறிக்கக் கூடாது.

இப்போது கடிகாரம். தொடர்பு ஒழுங்காக இருக்கும் இடத்தில், சர்வர் பதிலோடு வரும் நேரத்தை வைத்துப் பல மாடல்கள் தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும். தொடர்பு இல்லாவிட்டால் கடிகாரம் தன்போக்கில் போகும். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் 2000 ஜனவரி 1 என்று ஆரம்பிக்கும். இது கண்ணுக்கு உடனே தெரியும். தெரியாமல் ஏமாற்றுவது நேர மண்டலம். சர்வர் அனுப்பும் நேரம் கிரீன்விச் நேரம். இயந்திரத்துக்கு நம் மண்டலம் சரியாகச் சொல்லப்படவில்லையென்றால் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிவிடும். 8:52க்கு வந்த ஆசிரியர் அதிகாலை 3:22க்கு வந்ததாகப் பதிவாகும். வித்தியாசம் அரை மணி மட்டும் என்றால், ஐந்தரையில் உள்ள அரையை இயந்திரம் விழுங்கிவிட்டது என்று பொருள். முழு மணி மட்டும் ஏற்கும் மாடல்களுக்குச் சில நேரம் நிமிடக் கணக்கில் 330 என்று கொடுக்க வேண்டியிருக்கும்.

தவறான நேரத்தோடு வந்த பதிவுகளைத் திருத்த முடியும். கடிகாரம் தவறாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு திரும்பி, ஒருவர் விரல் வைத்த கணமே பதிவு வந்து சேர்ந்தால், இயந்திரம் சொல்லும் நேரத்துக்கும் சர்வரின் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் கிடைத்துவிடும். கடைசியாக மின்சாரம் வந்ததிலிருந்து விழுந்த பதிவுகளுக்கெல்லாம் அதே வித்தியாசத்தைக் கூட்டலாம். ஆனால் திருத்திய நேரத்தை `at_raw` மேல் எழுதிவிடக் கூடாது. அதற்காகத்தான் `at_fix` தனியாக இருக்கிறது. இயந்திரத்துக்குள் இருப்பது இன்னமும் பழைய தவறான நேரம்தான். மறுபடி அனுப்பும்போது அதே தவறோடுதான் வரும். மூலத்தைத் திருத்திவிட்டிருந்தால் அது புதிய பதிவாக ஏறி, 2000ஆம் ஆண்டில் படித்த மாணவர்கள் பட்டியலில் முளைப்பார்கள்.

இத்தனையும் ஒழுங்காக இருந்தாலும், ஆரம்பத்தில் சொன்ன எஸ்எம்எஸ் தவறாகத்தான் போகும். ஏனென்றால் அந்த முடிவுக்குத் தேவையானது வந்த பதிவுகள் அல்ல. வராத பதிவு ஒன்று இன்னும் வரக்கூடுமா என்பது தெரிய வேண்டும். ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொண்டு ஒரு திங்கட்கிழமையை முழுதாக நடத்திப் பார்ப்போம்.

1,100 மாணவர்கள். மூன்று இயந்திரங்கள்: முன்வாசலில் இரண்டு, பஸ் வந்து நிற்கும் பின்வாசலில் ஒன்று. பின்வாசலுக்கு ரூட்டர் எட்டாது, நடுவில் ஒரு வைஃபை ரிப்பீட்டர் இருக்கிறது. 8:41க்கு மின்சாரம் போகிறது. இயந்திரத்துக்கு உள்ளே பேட்டரி உண்டு, ரூட்டருக்கு அலுவலகத்தில் யுபிஎஸ் உண்டு, ரிப்பீட்டருக்கு எதுவும் இல்லை. (இந்தச் சங்கிலியில் யாரும் நினைத்துப் பார்க்காத பொருள் எப்போதும் ஒன்று இருக்கும்.) 8:45 முதல் பஸ்கள் வருகின்றன. பின்வாசல் இயந்திரம் எல்லோரையும் பதிந்துகொள்கிறது, அனுப்ப முடியவில்லை.

9:30க்கு சர்வர் பட்டியல் எடுக்கிறது. 871 மாணவர்களுக்குப் பதிவு இருக்கிறது, 229 பேருக்கு இல்லை. இங்கே பலரும் ஒரு நிபந்தனை போட்டிருப்பார்கள்: பள்ளியிலிருந்து கடைசியாக எப்போது தகவல் வந்தது என்று பார்த்து, சமீபமாக இருந்தால் எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்று. முன்வாசல் இயந்திரங்கள் 9:29 வரை பேசிக்கொண்டிருந்தன. ஆகவே 229 எஸ்எம்எஸ் பறக்கும். ஒரு மாணவர் எந்த வாசலில் வேண்டுமானாலும் விரல் வைக்கலாம் என்றால், ஒருவர் வரவில்லை என்று சொல்ல எல்லா இயந்திரங்களின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியைப் பற்றி நமக்குத் தெரிந்த எல்லை, மூன்றிலும் மிகவும் பின்தங்கிய இயந்திரத்தின் எல்லைதான். இன்று அது 8:41.

10:50க்கு மின்சாரம் வருகிறது, ரிப்பீட்டர் எழுகிறது. 10:51க்குத் தாமதமாக வந்த ஒரு பையன் பின்வாசலில் விரல் வைக்கிறான். தொடர்பு திரும்பியதும் சில மாடல்கள் அப்போது விழும் பதிவை முதலில் அனுப்பி, தேங்கியதைப் பிறகு அனுப்பும். எனவே சர்வருக்கு வரும் முதல் வரி 10:51 என்று சொல்கிறது. இயந்திரத்தின் கடைசிப் பதிவு நேரத்தையே எல்லையாக எடுக்கும் நிரல் இந்த இடத்தில் விழும். 10:51 வரை எல்லாம் தெரியும் என்று நினைத்து, தாமதமாக வந்த அந்தப் பையனைத் தவிர 228 பேருக்கு எஸ்எம்எஸ் அனுப்பிவிடும். இத்தனை நேரம் காத்திருந்ததும் வீண்.

நம்பத் தகுந்த அளவுகோல் எண்ணிக்கைதான். வேலை கேட்டு வரும் இயந்திரம் அவ்வப்போது தன்னைப் பற்றிய விவரமும் சொல்லும். அதில் எத்தனை பதிவுகள் உள்ளே இருக்கின்றன என்ற எண்ணும் உண்டு. சொல்லாவிட்டால் `INFO` கட்டளை கொடுத்துக் கேட்கலாம். இந்தத் திங்களன்று பின்வாசல் இயந்திரம் 41,362 என்கிறது. அந்த வரிசை எண்ணுக்கு சர்வரில் இருப்பது 41,175. குறைவது 187. அவை தாமாக வந்து சேராவிட்டால், அடுத்த முறை வேலை கேட்டு வரும்போது கொடுக்க வேண்டிய கட்டளை இது (நடுவில் இருப்பது டேப்):

```
C:318:DATA QUERY ATTLOG StartTime=2025-06-16 00:00:00	EndTime=2025-06-16 23:59:59
```

187 வரிகளும் வந்து எண்ணிக்கை ஒத்துப்போன கணத்தில், இயந்திரம் கடைசியாகப் பேசிய நேரத்தை அதன் எல்லையாக எழுதலாம். வருகைப் பட்டியலுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி பிறகு மிகச் சிறியது:

```sql
SELECT min(known_until) FROM machine WHERE school_id = 14;
```

இது 9:30ஐத் தாண்டினால்தான் காலைப் பட்டியல் முடிந்தது என்று பொருள். அந்த 187இல் 9 ஆசிரியர்களுடையவை, 5 இரண்டு முறை விரல் வைத்தவர்களுடையவை, மீதி 173 மாணவர்களுடையவை. 9:30க்கு 229 என்று இருந்த பட்டியல் 56ஆகச் சுருங்கியிருக்கிறது. அந்த 56 பேரின் வீட்டுக்கு எஸ்எம்எஸ் பதினொரு மணிக்குத்தான் போகும். அது தாமதம்தான், மறுப்பதற்கில்லை. குழந்தை உண்மையிலேயே காணாமல் போயிருந்தால் ஒன்றரை மணி நேரம் பெரிய விஷயம். ஆகவே எல்லை 9:30ஐத் தொடாத நாளில் சர்வர் பேசாமல் இருந்துவிடக் கூடாது. 9:31க்கே பள்ளி அலுவலகத்துக்கு "பின்வாசல் இயந்திரம் 8:41 முதல் பேசவில்லை, இந்த 229 பேரை வகுப்பில் சரிபார்க்கவும்" என்று சொல்ல வேண்டும். வகுப்பாசிரியரின் கையில் இருக்கும் வருகைப் பதிவேடு பத்து நிமிடத்தில் அந்த வேலையை முடித்துவிடும். நான் பார்த்தவரை இந்த ஒரு வழியை வைத்துக்கொண்ட பள்ளிகளில்தான் பெற்றோர் அந்த எஸ்எம்எஸ்ஸை நம்புகிறார்கள்.

இந்த முறைக்குச் சில எல்லைகள் உண்டு. பல மாடல்கள் இன்னமும் பூட்டில்லாத எச்டிடிபியில்தான் பேசும், தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வரிசை எண்ணைத் தவிர வேறெதுவும் தராது. பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் அந்த எண்ணைத் தெரிந்தவர் யாரும் போலிப் பதிவு அனுப்பலாம். பள்ளி ரூட்டரிலிருந்து சர்வருக்கு ஒரு விபிஎன் போட்டுவிடுவது நல்லது. அதேபோல் இந்த வழியில் வருகைப் பதிவு மட்டுமல்லாமல் குழந்தைகளின் ரேகை வார்ப்புகளும் சர்வருக்கு வரக்கூடும். ஒப்பிடுவது இயந்திரத்திலேயே நடக்கும்போது மைய சர்வருக்கு அவை தேவையில்லை. வந்தால் எழுதாமல் விடுவதே முறை.

இன்னொன்று, பதிவுகளை அழிப்பது. இயந்திரம் "மெமரி நிறைந்தது" என்று கத்தினால், பழுது பார்க்க வருபவர் மெனுவில் போய் எல்லாப் பதிவுகளையும் அழித்துவிட்டுப் போய்விடுவார். எண்ணிக்கை ஒத்துப்போயிருந்தால் கெடுதல் இல்லை, இல்லாவிட்டால் போனது போனதுதான். ஆகவே அழிக்கும் உரிமையை மெனுவில் பூட்டி, எண்ணிக்கை சரியாக இருக்கும் நாளில் சர்வரிலிருந்தே செய்வது மேல். அழித்த நேரத்தையும் சர்வரில் குறித்துவைக்க வேண்டும். மறுநாள் இயந்திரம் 312 என்று சொல்லும்போது, ஒப்பிட வேண்டியது அழித்த பிறகு வந்து சேர்ந்த வரிகளோடு. 41,362ஓடு ஒப்பிட்டால் சர்வரில் அதிகமாகவே இருக்கிறது, குறை ஒன்றுமில்லை என்று நிரல் எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை ரிப்பீட்டர் அணைந்தாலும் அது குறையாகவே தெரியாது.